மலை நகர்வதை அளக்க முடியுமா?

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் சுருளிப்பட்டி. ஊருக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் மேகமலைத் தொடர் எழுந்து நிற்கிறது. மேற்கே ஏலமலைத் தொடர். அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். மழைக்காலத்தில் மலைச்சாலையில் பாறை உருண்டால் அன்றைய கூலி போய்விடும். சில நேரம் உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது. அதற்குச் சில நாள்களுக்குப் பின் பக்கத்துத் தோட்டத்துத் திராட்சை விவசாயி ஒருவர் என்னிடம், "ஐயா, மலை நகர்வதைச் செயற்கைக்கோள் முன்கூட்டியே பார்த்துவிடுமாமே. அப்படியென்றால் வயநாட்டை ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டார்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதற்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோது கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் விடை இருப்பது புரிந்தது. மலை மெல்ல நகர்வதை மில்லிமீட்டர் அளவில் அளக்க முடியும் என்பது உண்மை. எல்லா நிலச்சரிவும் மெல்ல நகர்ந்து காட்டிவிட்டு வருவதில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைப் புரிந்துகொள்ளாமல், இக்கருவிகளைக் கொண்டு தயாரிக்கப்படும் எந்த வரைபடத்தையும் நாம் சரியாகப் படிக்க முடியாது.

செயற்கைக்கோளிலிருந்து தொடங்குவோம். இதற்குப் பயன்படுவது புகைப்படக் கருவி அன்று, ரேடார். செயற்கைக்கோள் நுண்ணலையைத் தரையை நோக்கி அனுப்புகிறது; திரும்பி வரும் அலையைப் பதிவு செய்கிறது. இரவும் மேகமும் இதற்குத் தடையில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் பயன்படுத்தும் அலையின் நீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். திரும்பி வந்த அலை, தன் ஏற்ற இறக்கச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ரேடார் மிகத் துல்லியமாகக் குறித்துக்கொள்கிறது.

மணி முள் இல்லாமல் நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து மணி என்ன என்று சொல்ல முடியாது. ஆனால், பத்து நிமிடங்களுக்கு முன் முள் எங்கிருந்தது, இப்போது எங்கிருக்கிறது என்று ஒப்பிட்டால் இடையில் கடந்த நேரத்தைச் சொல்லலாம். ரேடார் அலையின் கட்டமும் அப்படித்தான். பல நூறு கிலோமீட்டர் தொலைவை அது நேரடியாக அளப்பதில்லை. அதே செயற்கைக்கோள் 12 நாள்கள் கழித்து அதே பாதையில் வந்து மீண்டும் பதிவு செய்யும்போது முள் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதையே சொல்கிறது. அலை போய்த் திரும்புவதால், தரை அலைநீளத்தில் பாதி, அதாவது 2.8 சென்டிமீட்டர் விலகினாலே முள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். இரண்டு பதிவுகளின் கட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பெறும் இம்முறைக்கு ரேடார் குறுக்கீட்டு அளவியல் என்று பெயர்.

இதை எங்கள் ஊர் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். கணக்குக்காக, மேகமலையின் மேற்கு நோக்கிய சரிவில் 30 பாகை சாய்வுள்ள ஒரு பகுதி, சரிவின் போக்கிலேயே ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழிறங்குவதாகக் கொள்வோம். இது கற்பனைதான், அங்கே அப்படி நிகழ்கிறது என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

செயற்கைக்கோள் நேர் மேலிருந்து பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. செங்குத்திலிருந்து ஏறத்தாழ 39 பாகை சாய்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாதையில் அது நமக்குக் கிழக்கு வானத்திலிருந்து மேற்கு நோக்கிப் பார்க்கும். இன்னொரு பாதையில் மேற்கு வானத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பார்க்கும். எந்தப் பாதையானாலும், தரை தன்னை நெருங்கியதா, தன்னிடமிருந்து விலகியதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

கிழக்கிலிருந்து பார்க்கும்போது, நம் சரிவு மேற்கே நகர்வதும் விலகல், கீழே இறங்குவதும் விலகல். இரண்டும் ஒன்றோடொன்று சேர்கின்றன. 10 சென்டிமீட்டர் நகர்வில் 9.3 சென்டிமீட்டர் பதிவாகிவிடும். மேற்கிலிருந்து பார்க்கும்போதோ, மேற்கே நகர்வது நெருக்கம், கீழே இறங்குவது விலகல். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்கின்றன. அதே 10 சென்டிமீட்டரில் 1.6 சென்டிமீட்டர்தான் தெரியும். சரிவு ஒன்றுதான், நகர்வும் ஒன்றுதான். ஆனால், பார்க்கும் திசை மாறியதும் அளவு ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. எதிரே மேற்குத் தொடரின் கிழக்கு நோக்கிய சரிவுகளுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். ஆகவே, நகர்வு குறைவு என்று ஒரு வரைபடம் காட்டினால், எந்தத் திசையிலிருந்து பார்த்த குறைவு என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒருவகையில் கம்பம் பள்ளத்தாக்குக்கு இயற்கை உதவியிருக்கிறது. பள்ளத்தாக்கு ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுவதால் சரிவுகள் பெரும்பாலும் கிழக்கு, மேற்கு நோக்கியவை. துருவங்களை ஒட்டி வடக்குத் தெற்காகச் சுற்றும் செயற்கைக்கோள் பக்கவாட்டில் பார்ப்பது கிழக்கு அல்லது மேற்குத் திசையில்தான். வடக்கு, தெற்கு நோக்கி நகரும் சரிவின் கிடைமட்ட நகர்வை அது ஏறக்குறைய உணராது.

இனி நிமிட முள்ளுக்கு வருவோம். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 12 நாள்களில் 3.3 மில்லிமீட்டர். சாதகமான பாதையில் முள் ஏறத்தாழ ஏழு நிமிட அளவு திரும்பும். பாதகமான பாதையில் ஒரு நிமிட அளவு மட்டுமே. இந்தச் சிறு அசைவைக் குழப்பக் கூடியது ஈரக்காற்று. காற்றிலுள்ள நீராவி ரேடார் அலையைச் சற்றே தாமதப்படுத்தும். தாமதமாக வந்த அலை, தரை விலகிவிட்டது என்பது போலவே தோற்றம் தரும். பருவமழைக் காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் ஈரக்காற்று தேங்கி நிற்க, மலையுச்சி வேறு காற்றில் இருக்கும். அந்த வேறுபாடே முள்ளை அரைச்சுற்று திருப்பிவிடலாம். எதுவும் நகராமலே மலையடிவாரம் முழுவதும் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டதாகப் படம் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க வழியுண்டு. நீராவியின் பிழை மலையின் உயரத்தை ஒட்டியோ, பல கிலோமீட்டர் பரப்பில் மெல்ல மாறியோ அமையும். அடுத்த பதிவில் இருக்கும் இடம் தெரியாமல் போகும், அல்லது எதிர்த்திசைக்கு மாறும். உண்மையான நகர்வு அப்படியன்று. அது தெளிவான எல்லையுள்ள ஒரு துண்டு நிலத்தில், ஒரே திசையில், பதிவுக்குப் பதிவு கூடிக்கொண்டே வரும். ஆகவே, இரண்டே படங்களை ஒப்பிட்டுச் சொல்லப்படும் முடிவை அறிஞர்கள் நம்புவதில்லை. ஆண்டுக்கு 30 பதிவுகள் என்ற கணக்கில் இரண்டு, மூன்று ஆண்டுகளின் வரிசையை அடுக்கிப் பார்த்தால், நீராவி ஒன்றையொன்று ஈடுசெய்து மறைய, நகர்வு கோடாக எழுந்து நிற்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற துல்லியம் இப்படித்தான் கிடைக்கிறது.

ஈரக்காற்றைவிடப் பெரிய தடை பச்சை இலை. நிமிட முள்ளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு முறையும் அலையைத் திருப்பி அனுப்பிய பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். பாறை, வீடு, பாலம், மின்நிலையத்துக்கு இறங்கும் இரும்புக் குழாய் ஆகியவை ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்கும். திராட்சைப் பந்தல், வாழை, நெல், தென்னை, மலையின் அடர்காடு ஆகியவற்றில் 12 நாள்களுக்குள் இலைகள் அசைந்து, வளர்ந்து, உதிர்ந்துவிடும். 5.6 சென்டிமீட்டர் அலை அந்த இலைகளிலேயே பட்டுத் திரும்புகிறது. இரண்டு பதிவுகளுக்கும் தொடர்பே இல்லாமல் போய், முள் கண்டபடி சுழலும். ஒவ்வொரு இடத்திலும் இந்தத் தொடர்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அதை ஒத்திசைவு என்கிறோம். எண் பூஜ்யத்தை நெருங்கும் இடங்களை நேர்மையான ஆய்வாளர் படத்திலிருந்தே நீக்கிவிடுவார். சுருளி அருவிக்கு மேலுள்ள காட்டுச் சரிவுகளுக்கு இப்படி ஒரு படம் தயாரித்தால், பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கேதான் இந்தியாவுக்குப் பெருமை சேர்க்கும் நிசார் வருகிறது. இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய இச்செயற்கைக்கோள், வயநாட்டுப் பேரழிவு நிகழ்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இதன் இரண்டு ரேடார்களில் ஒன்றின் அலைநீளம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். நீண்ட அலை இலைகளைக் கடந்து கிளை, அடிமரம், தரை வரை செல்லும். ஆகவே, தாவரம் மூடிய சரிவிலும் ஒத்திசைவு கூடுதலாக நீடிக்கும். இதுவும் 12 நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். தரவுகள் அனைவருக்கும் இலவசம். ஆனால், அலை நீண்டதால் முள்ளின் ஒரு சுற்று 12 சென்டிமீட்டராகிறது. மிகச்சிறிய அசைவை உணர்வதில் சற்றுப் பின்தங்கும். அடர்காட்டின் சிக்கலை இது குறைக்குமே தவிர, நீக்கிவிடாது.

காட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வேலையை ட்ரோனில் பொருத்திய லேசர் வருடி ஏற்கிறது. லிடார் எனப்படும் இக்கருவி நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. லேசர் இலையைத் துளைக்காது. இலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் நுழைந்து செல்லும். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஆங்காங்கே வானம் துண்டு துண்டாகத் தெரியுமல்லவா, அதே வழியில்தான் ஒளி கீழிறங்குகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 200 துடிப்புகள் அனுப்பி, அடர்ந்த சோலைக்காட்டில் நூற்றுக்கு இரண்டே தரையைத் தொட்டாலும், சதுர மீட்டருக்கு நான்கு தரைப்புள்ளிகள் கிடைத்துவிடும். இலையில் பட்டவற்றைக் கணினியில் பிரித்து நீக்கினால், காடு அகற்றப்பட்டது போன்ற வெறும் மலையின் உருவம் நமக்குக் கிடைக்கும்.

அந்த உருவத்தில் நிலவியலாளர் தேடுவது என்ன? சரிவின் மேற்பகுதியில் அரிவாள் வளைவாக ஒரு திடீர்ப் படி. அதன் பின்னால் இணையாக ஓடும் வெடிப்புகள். நடுவே சமமற்ற மேடு பள்ளங்கள். அடியில் முன்தள்ளிய வீக்கம். இந்நான்கும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் அது ஒருகாலத்தில் சரிந்த நிலம், அல்லது இப்போதும் சரிந்துகொண்டிருக்கும் நிலம். தரையில் நடப்பவருக்குப் புதரும் மரமும் மறைக்கும் இந்த உருவம், லேசர் படத்தில் பளிச்சென்று தெரியும்.

ஆனால், நகர்வை அளக்க லேசரை நம்பும்போது கவனம் வேண்டும். ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை பறந்து, ஒவ்வொரு முறையும் உயரத்தில் 5 சென்டிமீட்டர் பிழை இருப்பதாகக் கொண்டால், இரண்டின் வேறுபாட்டில் பிழை 7 சென்டிமீட்டர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியோடு மாற்றம் உண்டு என்று சொல்ல, அதைப் போல இரு மடங்கு, அதாவது ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் தேவை. நம் கற்பனைச் சரிவு ஓராண்டில் நகரும் 10 சென்டிமீட்டர் இதற்குள் மறைந்துவிடும்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. சமதளமான பலகை ஒன்று தன் சாய்விலேயே வழுக்கினால், நடுவில் எந்த இடத்திலும் உயரம் மாறாது. மேலே விட்டுப்போன இடத்தில் பள்ளமும், அடியில் சேர்ந்த இடத்தில் மேடும் மட்டுமே தோன்றும். ஒரே சீரான சரிவு முழுவதும் நகர்ந்தாலும், உயரங்களைக் கழித்துப் பார்ப்பவருக்கு நடுப்பகுதி அசையாததாகத் தோன்றும். ஆகவே, பாறை, வரப்பு, கல்கட்டு, அடிமரம் ஆகிய அடையாளங்கள் முன்பிருந்த இடத்திலிருந்து எங்கே போயின என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பொய்யான நகர்வும் தோன்றும். இரண்டு பறத்தல்களின் படங்கள் பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் பிசகிப் பொருந்தினால், 30 பாகைச் சரிவில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் உயர மாற்றம் தோன்றிவிடும். இதற்கும் அடையாளம் உண்டு. மேற்கு நோக்கிய சரிவுகள் எல்லாம் தாழ்ந்தும் கிழக்கு நோக்கியவை எல்லாம் உயர்ந்தும் தெரிந்தால், மலை நகரவில்லை, படம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அசையாத பாறையின் மேல் மாற்றம் பூஜ்யமாக வருகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. அதைவிட எளிய தவறு ஒன்றுண்டு. ட்ரோனுக்கு இடம் சொல்லும் தரைநிலையக் கருவியை, நகரும் சரிவின் மேலேயே நிறுத்திவிடுவது. அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் சேர்ந்து நகர்ந்தால், விடை எப்போதும் பூஜ்யம்தான்.

ஆகவே, இவ்விரு கருவிகளும் போட்டியாளர்கள் அல்ல. செயற்கைக்கோள் மாவட்டம் முழுவதையும் பார்த்து, சந்தேகத்துக்குரிய சில சரிவுகளைக் குறித்துத் தரும். ட்ரோன் அந்தச் சில சரிவுகளின் உருவத்தை நெருங்கிப் பார்க்கும். மேகமலைப் பகுதி புலிகள் காப்பகம் என்பதால் பறக்க வனத்துறை அனுமதி வேண்டும். கண்ட இடமெல்லாம் பறக்கவும் முடியாது. முதலில் எங்கே என்று தெரிந்திருப்பது அதனாலும் அவசியம். கடைசியில் ஒருவர் மலையேறி, வெடிப்பின் இரு கரையிலும் இரண்டு முளைகளை அடித்து, மாதந்தோறும் நாடாவால் இடைவெளியை அளக்க வேண்டும். செலவு மிகக் குறைந்த இந்த அளவைதான், மற்ற இரண்டும் சொன்னது மெய்யா என்று தீர்ப்பளிக்கிறது.

நம் நாட்டில் இம்முறை பொதுமக்களின் பேச்சுக்கு வந்தது உத்தரகண்டின் ஜோஷிமட் நகரத்தால். பழைய நிலச்சரிவு குவித்த மண்ணின் மேல் அமைந்த நகரம் அது. 1976-இலேயே மிஸ்ரா குழு அதைக் கூறி எச்சரித்திருந்தது. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தபோது, ஹைதராபாதிலுள்ள தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்து முதல்கட்ட அறிக்கையை வெளியிட்டது. 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான ஏழு மாதங்களில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரையிலான 12 நாள்களில் மட்டும் 5.4 சென்டிமீட்டர் என்றது அறிக்கை.

இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் காலத்தில் 12 நாள்களுக்குச் சராசரியாக அரை சென்டிமீட்டர். பிறகு அதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. அறிக்கையின் உயிர்நாடி மொத்த அளவில் இல்லை, இந்த வேக மாற்றத்தில் இருக்கிறது. மெல்ல நகரும் சரிவு வேகம் எடுப்பதே ஆபத்தின் அறிகுறி. செய்திகளிலோ, 12 நாள்களில் நகரமே 5.4 சென்டிமீட்டர் புதைந்தது என்ற பொருளில் அது பரவியது. அந்த வேகமான நகர்வு நகரின் மையப்பகுதிக்கு உரியது என்பதும், ஒரு திசையிலிருந்து எடுத்த அளவு செங்குத்துத் தாழ்வுக்குச் சமமாக வேண்டியதில்லை என்பதும் விடுபட்டன. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம், நிறுவனங்கள் ஊடகங்களுக்குத் தகவல் தர வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அறிக்கையும் இணையத்திலிருந்து மறைந்தது. பீதியைத் தவிர்ப்பது நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால், எண்ணைத் தவறாகப் படிப்பதற்கு மருந்து எண்ணை விளக்குவதே; மறைப்பதன்று.

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் 2017 ஜூன் 24 அன்று சின்மோ என்ற மலைக்கிராமத்தின் மேல் மலைச்சரிவு விழுந்தது. அதன் பின்னர் சென்டினல் பதிவுகளைத் திரும்ப எடுத்து ஆராய்ந்தவர்கள், அச்சரிவு முன்பே மெல்ல நகர்ந்து, கடைசி மாதங்களில் வேகமெடுத்ததைக் கண்டார்கள். பதிவுகள் இருந்தன, அவற்றை அன்றன்று வாசிக்க யாருமில்லை. தரவு இலவசமாகக் கிடைப்பதும், தரவு வாசிக்கப்படுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி அந்தத் திராட்சை விவசாயியின் கேள்விக்கு வருகிறேன். வயநாடு ஏன் தெரியவில்லை? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைப் பலிகொண்ட சரிவும் ஏறக்குறைய வயநாட்டு வகைதான். கடினப் பாறையின் மேல் சில மீட்டர் மண். பெருமழையில் நீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தாண்டிப் போக வழியின்றித் தேங்குகிறது. மண்துகள்களின் பிடிப்பை நீரழுத்தம் தளர்த்துகிறது. ஒரு கட்டத்தில் மண்ணும் கல்லும் மரமும் நீரும் கலந்த குழம்பாக ஓடைவழி பாய்கிறது. மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து அறிவிக்க அதற்கு அவகாசமில்லை. சில மணி நேர மழையே போதும். 12 நாள்களுக்கு ஒருமுறை வரும் செயற்கைக்கோள், நேற்று வந்து இன்று போயிருந்தாலும் அதைக் காணாது. அதன் மேல் காடும் தோட்டமும் போர்த்தியிருந்தால், கண்டிருக்கவே முடியாது.

இவ்வகைச் சரிவுக்கு அளக்க வேண்டியது மழையை. எந்தச் சரிவில், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு மழை பெய்தால் ஆபத்து என்ற வரம்பை உள்ளூர்தோறும் கணிக்க வேண்டும். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்த நீலகிரி மாவட்டத்துக்கு, 2020 முதல் இந்திய புவியியல் ஆய்வு மையம் மழைக்காலத்தில் இத்தகைய முன்னறிவிப்பைத் தயாரித்து மாவட்ட நிர்வாகத்துக்கு அளித்து வருகிறது. லேசர் இதற்கும் உதவும்: பழைய குழம்பு ஓட்டங்கள் எந்த ஓடைவழி வந்தன, அடிவாரத்தில் எங்கே விசிறியாகப் பரவின என்பதைக் காட்டும். வீடு கட்டக் கூடாத இடம் எது என்று சொல்ல அந்த உருவம் போதும்.

கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளிலும் கடினப் பாறையின் மேல் மெல்லிய மண் போர்த்திய சரிவுகளே மிகுதி. இங்கும் அஞ்ச வேண்டியதில் பெரும்பங்கு, திடீரென வரும் வகை. சாலைக்காக வெட்டிக் கொட்டிய மண், மலையடிவாரத்தில் குவிந்த பழைய சரிவு மண், அதன் மேல் எழுந்த வீடுகள் ஆகியவற்றில்தான் மெல்லிய நகர்வைத் தேடிப் பயன் உண்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையின் தடுப்புச்சுவர்களும் பாறைமுகங்களும் ரேடாருக்கு நன்றாகவே தெரியக் கூடியவை.

பொருளாதாரத்தில் ஒரு பாலபாடம் உண்டு. தகவல் இல்லாமை வேறு, தகவல் இருப்பதாக எண்ணிக்கொள்வது வேறு. பின்னதற்கே விலை அதிகம். மலைச்சரிவு வரைபடத்தில் நகரும் இடத்துக்குச் சிவப்பும், நகராத இடத்துக்குப் பச்சையும் பூசுவது வழக்கமாகிவிட்டால், ஒத்திசைவு இழந்த காட்டுப்பகுதி எந்த நிறத்தில் வரும்? அதைப் பச்சையில் சேர்த்துவிட்டால், வீட்டுமனை விற்பவரும், சாலைக்கு ஒப்பந்தம் எடுப்பவரும், அனுமதி தரும் அலுவலரும் பாதுகாப்பான இடம் என்றே படிப்பார்கள். ஆகவே, மூன்றாவது நிறம் ஒன்று கட்டாயம் வேண்டும்: பார்க்க முடியவில்லை என்று சொல்லும் சாம்பல் நிறம். வரைபடம் எந்தத் திசையிலிருந்து, எத்தனை பதிவுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டது என்பதும் அதன் ஓரத்திலேயே அச்சிடப்பட வேண்டும்.

நிசாரின் பதிவுகள் இனி ஆண்டுக்கு முப்பது என்ற அளவில் சேர்ந்துகொண்டே போகும். நம் அரசுக் கல்லூரிகளின் புவியியல், இயற்பியல் துறைகள் தத்தம் மாவட்ட மலைகளின் வரிசையைத் தொடர்ந்து வாசிக்கத் தொடங்கலாம். முடிவுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டலாம். அந்தத் திராட்சை விவசாயிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "மெல்ல நகரும் மலையை மேலிருந்து பார்க்கலாம், திடீரென வருவதை மழைமானியில் பார்க்க வேண்டும். நம் மலையில் எது எங்கே என்று இன்னும் யாரும் நமக்குப் பிரித்துச் சொல்லவில்லை."

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் சுருளிப்பட்டியில் மழைமானி எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.